மூன்று மாதமா, பன்னிரண்டு மாதமா? போட்டோவில் வந்த விற்பனைக் கணக்குக்கு எந்த நகரும் சராசரி சரி

துணிக்கடையின் மாத விற்பனைப் பேரேட்டை மொபைலில் போட்டோ எடுத்து, எண்களை எக்செல்லில் ஏற்றியாகிவிட்டது. ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கி, வியாபாரம் உண்மையில் வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். கையில் மூன்று வழிகள்: மூன்று மாத நகரும் சராசரி, கடைசி 12 மாதத்தின் சராசரி, நடுவில் வைத்த 12 மாத சராசரி. என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். ஆனால் அதை அப்படியே போட்டாலும் தமிழ்நாட்டுத் துணிக்கடையில் ஏமாற்றும். காரணம் தீபாவளி.

கணக்குப் புரிய ஒரு மாதிரிக் கடையை எடுத்துக்கொள்வோம். எல்லாம் லட்ச ரூபாயில். ஜனவரி 10, பிப்ரவரி 6, மார்ச் 7, ஏப்ரல் 9, மே 9, ஜூன் 7, ஜூலை 12, ஆகஸ்ட் 10, செப்டம்பர் 7, டிசம்பர் 7. அக்டோபர், நவம்பர் இரண்டில் எதில் தீபாவளி வருகிறதோ அதில் 28, மற்றதில் 8. ஆண்டுக்கு 120, மாதத்துக்குச் சராசரி 10. வருடா வருடம் இதே எண்கள். ஒரு ரூபாய்கூட வளர்ச்சி கிடையாது என்று வைத்துக்கொள்வோம். நல்ல சராசரி என்றால் எப்போதும் 10 என்றுதான் காட்ட வேண்டும்.

மூன்று மாத சராசரியை சீக்கிரம் தள்ளிவிடலாம். அது பருவ ஏற்ற இறக்கத்தை நீக்குவதில்லை, மழுங்கடிக்க மட்டுமே செய்கிறது. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. அந்த ஆண்டு நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்றையும் கூட்டினால் 45, சராசரி 15. முந்தைய மூன்று மாதத்தை எடுத்து கடைசி மாதத்தில் எழுதும் வழக்கப்படி, வரைபடத்தின் உச்சி ஜனவரியில் போய் நிற்கும். தீபாவளிக் கூட்டத்தைப் பொங்கல் கூட்டம் என்று படித்துவிட்டு, மறு ஆண்டு சரக்கை டிசம்பரில் ஏற்றுகிறவர்கள் உண்டு. அடுத்த மாதம் கடையில் எவ்வளவு பணம் புரளும் என்று ஒரு தோராயம் வேண்டுமானால் மூன்று மாதம் போதும். போக்கு பார்க்க அது வேண்டாம்.

பன்னிரண்டு மாதம் என்றால் ஒவ்வொரு மாதமும் சரியாக ஒரு முறை உள்ளே இருக்கும், அதனால் பருவம் தானாகக் கழிந்துவிடும் என்பது பாடப்புத்தக விளக்கம். மாதம் ஒரு முறைதான் வருகிறது. தீபாவளி அப்படி வருவதில்லை. 2022-இல் தீபாவளி அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. இப்போது 2022 நவம்பர் முதல் 2023 அக்டோபர் வரையிலான 12 மாதத்தை வெட்டி எடுங்கள். அதில் ஒரு தீபாவளிகூட இல்லை. 2023 நவம்பர் முதல் 2024 அக்டோபர் வரை எடுங்கள், இரண்டு தீபாவளி.

மாதிரிக் கடையில் முதல் துண்டின் கூட்டுத்தொகை 100, சராசரி 8.33. இரண்டாவது துண்டு 140, சராசரி 11.67. துளியும் வளராத கடை 40 சதவீதம் வளர்ந்ததாகக் காட்டுகிறது. அதிலும் கொடுமை, இந்தக் கோளாறு அக்டோபர் முடிவில்தான் தலைகாட்டும். தீபாவளி முடிந்து, போன அக்டோபரோடு ஒப்பிட எல்லோரும் பேரேட்டைத் திறக்கும் நேரமும் அதுவே.

நடுவில் வைத்த சராசரி என்பது அடுத்தடுத்த இரண்டு 12 மாத சராசரிகளின் சராசரி. 13 மாதம் உள்ளே வரும். முதல் மாதத்துக்கும் கடைசி மாதத்துக்கும் பாதி எடை. தலைப்பு முதல் வரிசையில் இருந்து, தரவு B2-வில் தொடங்கினால், ஏழாவது மாதத்துக்கு நேரே, அதாவது எட்டாவது வரிசையில், எழுத வேண்டியது:

```
=(B2/2+SUM(B3:B13)+B14/2)/12
```

ஓரத்தில் பாதி எடை இருப்பதால் தீபாவளி பூஜ்யம் அல்லது இரண்டு என்று எண்ணப்படாது. மோசமான நிலையிலும் அரை, ஒன்றரை என்று நின்றுவிடும். 2023 ஏப்ரல், மே மாதங்களுக்கு நேரே 9.17 வரும், 2024 ஏப்ரல், மே மாதங்களுக்கு நேரே 10.83.

| முறை | தாழ்வு | உயர்வு | காட்டும் பொய் வளர்ச்சி |
|---|---|---|---|
| கடைசி 12 மாதம் | 8.33 | 11.67 | 40% |
| நடுவில் வைத்தது | 9.17 | 10.83 | 18% |
| அக்டோபர், நவம்பரைச் சமமாகப் பங்கிட்ட பின், இரண்டு முறையிலும் | 10 | 10 | 0 |

மூன்றாவது வரிதான் நான் சொல்ல வந்தது. சராசரி போடுவதற்கு முன்பே ஒவ்வோர் ஆண்டின் அக்டோபர், நவம்பர் விற்பனையைக் கூட்டி, ஆளுக்குப் பாதி என்று பிரித்துவிடுங்கள். 28-உம் 8-உம் 36, இரண்டிலும் 18. இனி எந்த 12 மாதத்தை வெட்டினாலும் அதில் ஒரு தீபாவளியின் பங்கு மட்டுமே இருக்கும். அசல் எண்களை அழிக்காமல் இதைப் பக்கத்துப் பத்தியில் செய்யவும், பின்னால் அவை தேவைப்படும்.

நிஜக் கடையில் சேதம் இவ்வளவு கூர்மையாக இராது. நவம்பர் 12-இல் தீபாவளி என்றால் அக்டோபர் கடைசி வாரத்திலேயே கணிசமான விற்பனை நடந்துவிடும். அக்டோபர் 31 என்றால் கிட்டத்தட்ட முழுவதும் அக்டோபரிலேயே முடிந்துவிடும். அதனால் பொய் வளர்ச்சி 40-க்குப் பதில் 20, 25 ஆகக் குறையலாம். ஆனால் மறைந்துவிடாது.

பருவக் குறியீடு எடுக்கும்போது இந்தக் கோளாறு இன்னும் விநோதமான இடத்தில் எட்டிப்பார்க்கும். மாத விற்பனையை அதற்கு நேரே உள்ள நடுச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் குறியீடு. மாதிரிக் கடையில் ஏப்ரல் எப்போதும் 9, உண்மைக் குறியீடு 90. பங்கிடாமல் போட்டால் 2023 ஏப்ரலுக்கு 98, 2024 ஏப்ரலுக்கு 83. கோடை வியாபாரம் படுத்துவிட்டது என்று அதைப் படிப்பார்கள். ஏப்ரலில் எதுவும் நடக்கவில்லை, ஆறு மாதம் தள்ளி இருக்கும் தீபாவளி நகர்ந்ததன் எதிரொலி அது. பங்கிட்ட பிறகு இரண்டு ஆண்டுக்கும் 90 வரும். அக்டோபர், நவம்பர் இரண்டுக்கும் 180 வரும். அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு அந்த 360-ஐத் தீபாவளித் தேதி பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். இங்கேதான் எடுத்து வைத்த அசல் எண்கள் உதவும்: முன்பு அக்டோபர் கடைசியில் தீபாவளி வந்த ஆண்டில் எப்படிப் பிரிந்தது, நவம்பர் நடுவில் வந்தபோது எப்படி என்று பார்க்கலாம்.

குறியீட்டுக்குக் குறைந்தது நான்கு ஆண்டுப் பக்கங்கள் இருப்பது நல்லது. இரு முனையிலும் ஆறு ஆறு மாதம் போய்விடுவதால், நான்கு ஆண்டில் ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று குறியீடுதான் மிஞ்சும். மூன்றின் சராசரியைவிட நடு மதிப்பை எடுங்கள். ஒன்று தவறாகப் படிக்கப்பட்டிருந்தாலும் முடிவு ஆடாது.

அந்த ஆறு மாத இழப்புதான் நடுச் சராசரியின் பெரிய குறை. இன்றைய நிலவரத்தை அது சொல்லாது. துண்டைச் சுருக்கி அந்தக் கட்டங்களை நிரப்பும் ஆசை வரும், செய்யாதீர்கள். பத்து மாத சராசரியில் ஏதோ இரண்டு மாதம் விடுபட்டிருக்கும். விடுபட்டது ஆடித் தள்ளுபடியா, தீபாவளியா என்பதைப் பொறுத்து முனை மேலேயோ கீழேயோ வளையும். கடைசி ஆறு மாதத்துக்கு, பங்கிட்ட எண்களில் கடைசி 12 மாத சராசரியைத் தனிக் கோடாக வரைவதே மேல். அந்தக் கோடு ஏறத்தாழ ஆறு மாதம் தாமதமாகப் பேசுகிறது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். எக்செல் வரைபடத்தில் வலது கிளிக்கில் வரும் நகரும் சராசரிக் கோடும் இந்தத் தாமத வகைதான்.

கடைசி 12 மாத சராசரி ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: போட்டோவிலிருந்து எண்ணைத் தவறாகப் படித்ததைப் பிடிப்பது. இதற்குப் பங்கிடாத அசல் எண்களையே கொடுக்க வேண்டும். இந்தச் சராசரி ஒரு மாதத்தில் எவ்வளவு நகர்கிறதோ, அதை 12-ஆல் பெருக்கினால் இந்த மாதத்துக்கும் போன ஆண்டு இதே மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் வரும். உள்ளே வருவது இது, வெளியே போவது அது. மார்ச் 7 லட்சத்தை 1 லட்சம் என்று படித்துவிட்டீர்கள் என்றால், சராசரி மார்ச்சில் 0.5 இறங்கி, சரியாக 12 மாதம் அங்கேயே கிடந்து, அடுத்த மார்ச்சில் 0.5 ஏறும். வியாபாரம் இவ்வளவு நேர்த்தியாகச் சரிந்து, சொல்லி வைத்தாற்போல் ஓராண்டில் மீளாது. சரிந்த மாதத்தின் கட்டத்தைப் போட்டோவில் பெரிதாக்கிப் பாருங்கள், ஏழின் மேல்கோடு வெளிச்சத்தில் அழிந்திருக்கும். நடுச் சராசரியில் இதே தவறு கால் கால் புள்ளியாக இரண்டு மாதத்தில் இறங்குவதால், குற்றவாளி மாதம் எது என்று தேட வேண்டியிருக்கும்.

பக்கத்தின் அடிக்கூட்டலும் உதவும். பேரேடு பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். தீபாவளி நடுவில் விழுவதால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றுதான் இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடுவது பாதுகாப்பானது. உங்கள் கூட்டலுக்கும் பக்கத்தின் கூட்டலுக்கும் உள்ள வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், 72 என்பது 27 ஆனது போல இலக்கம் இடம் மாறியிருக்கலாம், அல்லது ஒரு பூஜ்யம் கூடியோ குறைந்தோ இருக்கலாம். வகுபடவில்லை என்றால் பெரும்பாலும் ஒற்றை இலக்கம் தப்பு: 1, 7 அல்லது 3, 8. பேரேட்டைத் தைத்த ஓரத்தில் பக்கம் வளைந்திருக்கும் இடத்தில் வரிசை மாறி, மே மாதத்து எண் ஜூனில் ஏறியிருந்தால் கூட்டல் சரியாகவே வரும். அதை மேலே சொன்ன 12 மடங்கு சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று, மென்பொருள் படித்த எண்ணில் சுழியத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்து புகுந்துவிடுவது. பார்வைக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தை எக்செல் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். `AVERAGE` அதை விட்டுவிட்டு 11-ஆல் வகுக்கும், `SUM` அதைப் பூஜ்யமாக நினைக்கும். ஒவ்வொரு 12 கட்டத்துக்கும் ஒரு முறை இதைப் போடுங்கள், 12 வராத இடத்தில் நிறுத்துங்கள்:

```
=COUNT(B2:B13)
```

பொங்கலும் ஆடியும் சூரிய நாட்காட்டிப்படி வருவதால் இந்தப் பங்கீடு அவற்றுக்குத் தேவையில்லை. ரமலான் விற்பனை கனமாக உள்ள கடைக்கு இந்த முறை பொருந்தாது. அது ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னேறி மாதங்களைக் கடந்துகொண்டே போகும், இரண்டு மாதத்தைச் சமமாக்கினால் அடங்காது. அங்கே தினசரிக் கணக்குப் பக்கங்களையும் போட்டோ எடுத்து, பண்டிகைக்கு முந்தைய மூன்று வார விற்பனையைத் தனியே பிரித்து வைத்துவிட்டு, மீதிக்கு மட்டும் 12 மாத சராசரி போட வேண்டும்.