ஜெராக்ஸ் கடையில் நிரம்பிய என்.ஆர்.ஓ படிவம்

வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் ஊரில் வைத்திருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே தொடரக் கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாப்படி அதை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான ரூபாய்க் கணக்கான என்.ஆர்.ஓ கணக்காக மாற்றிவிட வேண்டும். சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் பலருக்கும் இது தெரியும், ஆனாலும் “அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்த முறை பட்டுக்கோட்டைக்குப் போனபோது அந்த வேலையை முடித்தேன். வங்கிக் கிளையைவிட, பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் கிடைத்த சேவைதான் எழுதத் தக்கது.

கிளையில் அச்சிட்ட படிவம் கையிருப்பில் இல்லை. கவுன்டரில் இருந்தவர் என் எண்ணைக் கேட்டு வாங்கி, வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். “இதை ஃபில் பண்ணிக் கொண்டு வாங்க சார்” என்றார், அவ்வளவுதான். திறந்து பார்த்தால் ஸ்கேன் செய்த பக்கங்கள். யாரோ எப்போதோ எடுத்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ். எழுத்தைத் தட்டி நிரப்ப முடியாது, வெறும் படம். பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. இடது ஓரம் வெட்டுப்பட்டதில், எது கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் என்று காட்டும் நட்சத்திரக் குறிகள் பாதி காணாமல் போயிருந்தன.

கடையில் இருந்த பெண் பிரின்ட் கொடுப்பதற்கு முன்பே திரையில் ஒவ்வொரு பக்கத்தின் அடிப்பகுதியையும் பார்த்தார். “நாலுக்கு அப்புறம் ஆறு வருது அண்ணா, அஞ்சாம் பக்கம் இல்லையே” என்றார். கிளையில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அனுப்பியது. போன் செய்து கேட்டதும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். எந்த நாட்டில் வரி கட்டுகிறோம் என்று அறிவிக்கும் ஃபாட்கா பக்கம் அது. அதில்லாமல் கொடுத்திருந்தால் படிவம் திரும்பி வந்திருக்கும்.

அவர் நிரப்பும் முறையே தனி. பாஸ்போர்ட், பான் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம், சிங்கப்பூர் ஒர்க் பாஸ், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிக்கொண்டார். காகிதத்தில் இருப்பதைக் கறுப்பு பால்பாயிண்டில், ஆங்கிலப் பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஒன்றாக எழுதினார். காகிதத்தில் இல்லாத இடம் வந்தால் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். ஊகித்து ஒரு டிக்கூட இல்லை. “நான் போட்டது தப்பா போனா, கையெழுத்து உங்களோடதுதானே” என்றார். நியாயம்தான்.

கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, பிறந்த தேதி, பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர், பாஸ்போர்ட் எண், அது முடியும் நாள், பான் எண் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தன. ஆனால் பெயரிலேயே ஒரு வட்டம் விழுந்தது. நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தொல்லை அது. பாஸ்புக்கில் தலையெழுத்தும் பெயரும், பான் கார்டில் அப்பா பெயர் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பின்னால். மூன்றும் நான்தான், ஆனால் கட்டத்தில் எழுத ஒன்றுதான் முடியும். அவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பென்சிலில் எழுதி, “பேங்க்ல கேட்டுட்டு சொல்லுங்க” என்று ஓரத்தில் குறித்தார். கேட்டதில், பெயர்க் கட்டத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியும், பான் பகுதியில் பான் கார்டில் உள்ளபடியும் இருக்கட்டும் என்றார்கள்.

அடுத்த வட்டம், நான் எப்போதிலிருந்து வெளிநாட்டுவாசி என்ற கட்டத்தில். தேதிதானே, பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறதே என்று தோன்றும். இருக்கிறது, ஒன்றுக்கு மேல் இருக்கிறது. சுற்றிப் பார்க்கப் போனதும், நேர்முகத் தேர்வுக்குப் போனதும், வேலையில் சேரப் போனதும் ஒரே மாதிரிச் சென்னை முத்திரைகள். வருமான வரிக்கு நாள்கணக்கு முக்கியம். ஃபெமாவில் பார்ப்பது எதற்காகப் போனோம் என்பதையும். வேலைக்கென்று நாட்டை விட்டுக் கிளம்பினால் கிளம்பிய நாளிலிருந்தே வெளிநாட்டுவாசிதான். அந்த முத்திரை எது என்று அவற்றைப் பார்க்கும் யாருக்கும் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

ஃபாட்கா பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள் இருக்கும்: குடியுரிமை எந்த நாடு, வரி வசிப்பிடம் எந்த நாடு. முதலாவதை பாஸ்போர்ட்டைப் பார்த்து யாரும் எழுதலாம். இரண்டாவதிலும் அதே கையோடு ‘இந்தியா’ என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய. எழுதினால் படிவம் தன்னைத்தானே மறுக்கும், ஏனென்றால் மேலே முதல் பக்கத்தில் ‘வெளிநாட்டுவாசி’ என்று டிக் போட்டிருக்கிறோம். அவர் எழுதாமல் வட்டம் போட்டார். நான் சிங்கப்பூர் என்று எழுதினேன். வரி அடையாள எண் கேட்கும் இடத்தில் என் ஒர்க் பாஸில் உள்ள ஒன்பது எழுத்து ‘ஃபின்’ எண்ணைப் போட்டேன். அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாதவர்களுக்கு அதுதான் வரி எண். எண்ணை அவரே கார்டிலிருந்து எழுதியிருக்கலாம். ஆனால் நாட்டை நான் சொன்ன பிறகுதானே எந்த எண் என்று தெரியும்? வருடத்தின் நடுவில் நாடு மாறியவர்கள் இங்கே இரண்டு நாடுகளைக்கூட எழுத வேண்டியிருக்கலாம்.

கைபேசி எண் சாதாரண விஷயமாகத் தெரியும். பாஸ்புக்கில் இருப்பது பழைய இந்திய எண். அந்த சிம் இப்போது அம்மாவின் போனில் கிடக்கிறது, ரீசார்ஜ் செய்ய மறந்தால் எண்ணே போய்விடும். ஓடிபி அங்கே போய், அம்மா அதைப் படித்துச் சொல்லி, நான் சிங்கப்பூரில் தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். சிங்கப்பூர் எண்ணையே எழுதச் சொன்னேன். கடிதம் வரவேண்டிய முகவரி மட்டும் ஊர் வீடு. வாடகை வீடு மாறினால் டெபிட் கார்டு யார் வீட்டிலோ போய் விழும்.

இதையெல்லாம்விட அதிக நேரம் பிடித்தது ஒரே ஒரு வரி: கணக்கை இயக்கும் முறை. நானும் அம்மாவும் கூட்டாக வைத்திருந்த கணக்கு. பாஸ்புக்கில் ‘எய்தர் ஆர் சர்வைவர்’ என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது, அதாவது இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பார்த்து எழுதுகிறவர் அதையே எழுதிவிட்டிருந்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் என்.ஆர்.ஓ கணக்கில் இந்தியாவில் வசிப்பவரைக் கூட்டாகச் சேர்த்தால் ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ மட்டும்தான் செல்லும். முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை அவர்தான் இயக்கலாம், அவருக்குப் பின்னால்தான் மற்றவர். விதியை எனக்குச் சொன்னவர் கிளையின் துணை மேலாளர். ஆனால் அதனால் எங்கள் வீட்டில் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியாது.

வீட்டில் நடப்பது இதுதான்: கீழ் போர்ஷன் வாடகை அந்தக் கணக்கில் வருகிறது. அம்மா மாதாமாதம் ஏடிஎம்மில் எடுத்து மளிகைக்கும் மருந்துக்கும் செலவழிக்கிறார். அந்த டிக் விழுந்தால் அவர் கையிலிருக்கும் கார்டு வெறும் பிளாஸ்டிக். “அப்ப நான் யாருகிட்ட போய் காசு கேக்குறதுடா?” என்று அம்மா கேட்டது எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி. துணை மேலாளர் இரண்டு வழி சொன்னார். அம்மாவுக்கு மேண்டேட், அதாவது என் சார்பில் கணக்கை இயக்கும் அனுமதி கொடுத்தால் உள்ளூர் ரூபாய்ச் செலவுகளை அவர் பார்த்துக்கொள்ளலாம், அதற்குத் தனித் தாளில் இருவரும் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் அம்மாவின் பென்ஷன் கணக்குக்கு மாதாமாதம் ஒரு தொகை தானாகப் போகும்படி வைக்கலாம். அம்மாவுக்குப் புதிய செக் புத்தகமும் வேண்டாம், புதிய கையெழுத்தும் வேண்டாம். இரண்டாவதைத் தேர்ந்தோம்.

வரிச் சலுகை வேண்டுமா என்ற கட்டத்திலும் வட்டம் இருந்தது. என்.ஆர்.ஓ வட்டிக்கு வங்கி 31.2 சதவீதம் பிடிக்கும், இந்தியா சிங்கப்பூர் ஒப்பந்தப்படி 15 தான். ஆனால் சும்மா டிக் போட்டால் குறையாது, சிங்கப்பூர் வரித்துறையிடமிருந்து வரி வசிப்பிடச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். என்னிடம் இல்லை, அதனால் இப்போதைக்கு ‘இல்லை’.

நாமினி பகுதியை அவர் தொடவே இல்லை, உறவுமுறை என்ற கட்டத்தைக்கூட. இப்போது நான்கு பேர் வரை போடலாம், பங்கைச் சதவீதத்தில் எழுத வேண்டும். கூட்டுக் கணக்கில் அம்மாவே இருப்பதால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நாங்கள் அப்படி விடவில்லை. தங்கை பெயரும் மனைவி பெயரும் பாதி பாதி. இதை முடிவு செய்வதற்குள் அந்தக் கடையில் இரண்டு டீ வந்து போனது.

எல்லா வட்டங்களும் தீர்ந்த பிறகு அவர் பென்சிலை அழித்து மையால் எழுதினார். காலியாக நின்ற வரிகளில் குறுக்குக் கோடு போட்டார், பின்னால் யாரும் எதையும் சேர்க்க முடியாது. ‘அலுவலக உபயோகத்திற்கு மட்டும்’ பகுதியை அப்படியே விட்டார். அதற்குப் பிறகுதான் என்னைக் கையெழுத்திடச் சொன்னார். கல்லூரி நாட்களில் கணக்கு ஆரம்பித்தபோது முழுப் பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன். பாஸ்போர்ட்டில் இருப்பது ஆங்கிலக் கிறுக்கல். பழையதை ஒரு தாளில் நாலைந்து தடவை எழுதிப் பார்த்துவிட்டு, பழைய கையெழுத்து கேட்ட இடத்தில் அதையும் புதியது கேட்ட இடத்தில் இப்போதையதையும் போட்டேன்.

கடைக்கூலி 150 ரூபாய், பிரின்ட் தனி. கிளையில் படிவம் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒரு வாரத்தில் கணக்கு மாறியது, பழைய டெபிட் கார்டு அன்றே நின்றது. அதற்கு இரண்டு நாள் முன்பே அம்மாவின் பென்ஷன் கணக்குக்கு முதல் மாதத் தொகை போய்ச் சேர்ந்திருந்தது.