40 சதவீதம் என்று எழுதினால் 40 ஆகிவிடுமா? உதவித்தொகைத் தேர்வுக்கு மூன்று கணக்குகள்

முன்னாள் மாணவர் அறக்கட்டளை ஒன்று பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உதவித்தொகை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெயிட்டேஜ் இப்படி: மதிப்பெண் 40, குடும்ப வருமானம் 40, நேர்காணல் 20. இந்த மூன்றையும் எப்படிக் கூட்டுவது என்பதில்தான் சிக்கல்.

பெரும்பாலும் செய்வது நேரடிக் கூட்டல். 600-க்கு எடுத்ததை 40-க்கு மாற்றுவார்கள். ஆனால் விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் 520-க்கும் 580-க்கும் நடுவில் இருந்தால், கடைசி ஆளுக்கு 34.7, முதல் ஆளுக்கு 38.7, வித்தியாசம் வெறும் 4. நேர்காணலிலோ குழு பத்துக்கு 4 முதல் 10 வரை அள்ளிப் போடுகிறது, அதை 20-க்கு மாற்றினால் வித்தியாசம் 12. தாளில் பாதி வெயிட்டேஜ் உள்ள நேர்காணல் உண்மையில் மூன்று மடங்கு பேசுகிறது.

ஒரு மாணவி 580, நேர்காணலில் 5. ஒரு மாணவர் 525, நேர்காணலில் 9. வருமானத்தில் இருவரும் சமம், அதை விட்டுவிடலாம். நேரடிக் கூட்டலில் அவளுக்கு 48.7, அவனுக்கு 53. அவன் முந்திவிட்டான்.

சரி, குறைந்தவருக்கு 0, அதிகம் எடுத்தவருக்கு முழு மதிப்பெண் என்று இழுத்து நீட்டினால்? இப்போது அவளுக்கு 43.3, அவனுக்கு 20. நியாயமாகத் தெரிகிறது, இல்லையா? அப்புறம் கடைசி நாளில் 400 மதிப்பெண்ணோடு ஒரு விண்ணப்பம் வருகிறது. குறைந்தபட்சம் 400 ஆனதும் அவனுடைய மதிப்பெண் பங்கு 3.3-லிருந்து 27.8-க்குத் தாவி, மொத்தம் 44.4 ஆகிறது, அவள் அதே 43.3-இல் நிற்கிறாள். பரிசுக்கே போட்டியில்லாத மூன்றாவது ஆள் வந்து இவர்கள் வரிசையை மாற்றிவிட்டார்! தோற்றவரின் பெற்றோருக்கு இதை எப்படி விளக்குவது?

நான் சொல்வது மூன்றாவது வழி. விண்ணப்பங்களைப் பிரிக்கும் முன்பே இரு முனைகளையும் குழு எழுதிவைக்க வேண்டும்: 480-க்கு 0, 600-க்கு 40. எக்செல்லில்:

```
=MAX(0,MIN(1,(B2-480)/120))*40
```

நேர்காணலுக்கு முனைகள் 0-வும் 10-உம். அவளுக்கு 43.3, அவனுக்கு 33. நூறு பேர் புதிதாக வந்தாலும் இந்த இரண்டு எண்களும் அசையாது. 570-க்கு மேல் ஐந்து, 550-க்கு மேல் நான்கு என்று படிப்படியாக வைப்பதைவிடவும் இது மேல், ஏனென்றால் 569 எடுத்தவர் ஒரே மதிப்பெண்ணில் ஒரு படி கீழே விழமாட்டார்.

இதிலும் குறை உண்டு. 480-க்குக் கீழே எல்லோருக்கும் 0-தான், 470-உம் 410-உம் ஒன்றாகிவிடும். அங்கே பாதிப் பேர் குவிந்தால் முனை தப்பு என்று அர்த்தம். ஆனால் அதை அடுத்த வருடத் தாளில் திருத்துங்கள், பெயர்களைப் பார்த்துவிட்ட இந்த வருடத் தாளில் கை வைக்காதீர்கள்.