உண்டிவில்: சைக்கிள் டியூபா, லேடெக்ஸ் பட்டையா? இழுவை எவ்வளவு வேண்டும்?

உண்டிவில்லில் வேகத்தைத் தீர்மானிப்பது கவட்டை அல்ல. கொய்யாக் கவட்டையாக இருந்தாலும், கடையில் வாங்கிய அலுமினியக் கவட்டையாக இருந்தாலும், ஒரே ரப்பரைக் கட்டி ஒரே நீளம் இழுத்தால் குண்டு ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போகும். ரப்பரின் குணம், அதன் எடை, எவ்வளவு தூரம் இழுக்கிறோம் என்ற மூன்றும்தான் கணக்கு.

இந்த அலசல் முழுவதற்கும் ஒரே அளவுகோல்: 9.5 மி.மீ. எஃகுக் குண்டு, எடை சுமார் 3.5 கிராம். கவட்டையிலிருந்து கன்ன எலும்பு வரை இழுவை 80 செ.மீ. நடுத்தர உயரமுள்ள ஒருவர் கையை நேராக நீட்டி இழுத்தால் ஏறக்குறைய இந்த அளவு வரும்.

சைக்கிள் டியூப்

டியூபின் நல்ல பக்கம், சும்மா கிடைப்பதும் எளிதில் கிழியாததும். ஆனால் இன்று கிடைக்கும் டியூப்களில் பெரும்பாலானவை ப்யூட்டில் ரப்பர். காற்றை வெளியே விடாமல் பிடித்துவைப்பதற்காகச் செய்தது அது. துள்ளல் அதற்குக் குறைவு. நாம் இழுத்துச் சேர்த்த சக்தியில் நல்ல பங்கு ரப்பருக்குள்ளேயே வெப்பமாகத் தங்கிவிடும்.

இரண்டாவது குறை எடை. டியூப் பட்டையை வசதியாக இழுக்கக்கூடியது அதன் இயல்பு நீளத்தைப்போல் மூன்று மடங்கு வரை. அதற்குமேல் கைக்கு வலிக்கிறதே தவிர வேகம் ஏறுவதில்லை. 80 செ.மீ. இழுவைக்கு, கட்டுப்போடும் இடம் நீங்கலாக ஒரு பக்கத்துக்கு 27 செ.மீ. பட்டை வேண்டும். 2 செ.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் என்று வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 12 கிராம். குண்டைவிட மூன்று மடங்குக்கும் மேல்! விட்டவுடன் ரப்பர் குண்டை மட்டும் இழுப்பதில்லை, தன்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குண்டோடு சேர்த்துச் சுமப்பதாகக் கொள்ளலாம். இந்தக் கணக்கில் டியூப் தருவது விநாடிக்கு 35 முதல் 40 மீட்டர் வரை.

லேடெக்ஸ் பட்டை

இயற்கை ரப்பர் பாலிலிருந்து செய்த 0.5 முதல் 0.7 மி.மீ. தடிமனுள்ள தாள்கள் இவை. ஐந்து மடங்கு தாராளமாக இழுபடும். அதே 80 செ.மீ. இழுவைக்கு 16 செ.மீ. போதும். 0.6 மி.மீ. தாளில் கவட்டைப் பக்கம் 20 மி.மீ., குண்டை வைத்துப் பிடிக்கும் தோல் பக்கம் 12 மி.மீ. என்று சரிவாக வெட்டினால், இரண்டு பக்கமும் சேர்ந்து 3 கிராம்கூட இருக்காது. இழுவைப் பலம் சுமார் 3 கிலோ. வேகம் விநாடிக்கு 60 மீட்டர் அளவில் வரும்.

ஏன் சரிவாக வெட்டுகிறோம்? கவட்டையோரம் இருக்கும் ரப்பர் அதிகம் நகர்வதில்லை. தோலோரம் இருப்பது குண்டின் வேகத்திலேயே ஓடுகிறது. ஆகவே எடையைக் குறைக்க வேண்டிய இடம் தோல் பக்கம். இதில் பேராசை கூடாது. தோல் பக்கம் 8 மி.மீ. ஆக்கினால் இழுப்பு முழுவதும் அந்த ஒல்லியான இடத்திலேயே விழுந்து சீக்கிரம் அறுந்துவிடும்.

பட்டையின் பலவீனம் ஆயுள். வெட்டு விளிம்பில் சிறு பிசிறு இருந்தாலும் கிழிசல் அங்கேதான் தொடங்கும். கத்தரிக்கோல் ஒவ்வொரு கடியிலும் ஒரு பிசிறு விடும் என்பதால், இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து உருளைக் கத்தியால் ஒரே ஓட்டத்தில் வெட்டுங்கள். வெயிலில் விட்டால் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் வரும். எண்ணெய்க் கை பட்டால் பிசுபிசுக்கும்.

உடற்பயிற்சிப் பட்டை வாங்கி வெட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லேடெக்ஸ் இல்லாதது என்று அச்சிட்ட பட்டைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் துள்ளல் இல்லாதவை. உடம்புக்கு நல்லது, உண்டிவில்லுக்கு ஆகாது.

லேடெக்ஸ் குழாய்

1842 என்று விற்பது 1.8 மி.மீ. உள்விட்டம், 4.2 மி.மீ. வெளிவிட்டம் உள்ள குழாய். வெட்டிய விளிம்பே இல்லாததால் பட்டையைவிடப் பல மடங்கு உழைக்கும். ஆனால் சரிவு கிடையாது; தோலோரமும் முழு எடை. ஆகவே அதே இழுவைப் பலத்தில் பட்டையைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகும். தினமும் கொல்லையில் பயிற்சி செய்பவருக்கு இந்தக் கொஞ்சம் ஒரு பொருட்டே இல்லை, குழாயே சரி. மருந்துக்கடையில் கிடைக்கும் தடித்த ரத்தக்கட்டுக் குழாய் வேறு. எடை அதிகம்; டியூபின் குறைதான் அதற்கும்.

இழுவையைக் கூட்டுவதா, ரப்பரைக் கூட்டுவதா?

வேகம் போதவில்லை என்றால் பலரும் முதலில் செய்வது பட்டையை அகலமாக்குவது. மேலே சொன்ன 16 செ.மீ. பட்டையை ஒன்றரை மடங்கு அகலமாக்கினால் சக்தி ஒன்றரை மடங்கு ஆகும், ரப்பரின் எடையும் அப்படியே. வேகம் 60-லிருந்து 70 அளவுக்குப் போகும். ஆனால் இழுவைப் பலம் 3 கிலோவிலிருந்து நாலரைக் கிலோ ஆகிவிடும், கை நடுங்கும்.

அகலத்தைத் தொடாமல் இழுவையை 80-லிருந்து 120 செ.மீ. ஆக்கி, பட்டையை 24 செ.மீ. ஆக வெட்டினால்? ரப்பரின் மொத்த அளவு அதேதான், வேகமும் அதே 70. கைக்கு வரும் பலம் மட்டும் பழைய 3 கிலோ. கணக்கில் இதுதான் வெற்றி. ஆனால் தோல் காதைத் தாண்டிப் பின்னால் போய்விடுகிறது. கன்ன எலும்பில் கட்டைவிரலை நிறுத்திக் குறி பார்க்கும் நிலையான இடம் போய்விடும். ஒவ்வொரு முறையும் இழுவை 2, 3 செ.மீ. மாறும். பட்டை அறுந்தால் முகத்தை உரசிக்கொண்டுதான் போகும். கொல்லையில் 10 மீட்டர் தூரத்துக்கு 60 மீட்டர் வேகமே தாராளம் என்பதால், கன்னத்து இழுவையே எங்கள் பரிந்துரை.

எதைத் தேர்ந்தாலும் வெட்டும் நீளத்தை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். வாங்கிய தாளில் ஒரு துண்டு வெட்டி, 10 செ.மீ. இடைவெளியில் பேனாவால் இரண்டு கோடு போட்டு, அளவுகோலுக்கு மேல் மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் சுவரில் முட்டியதுபோல் ரப்பர் நின்றுவிடும். அப்போது கோடுகளின் இடைவெளி 58 செ.மீ. என்றால், எல்லை 5.8 மடங்கு. அந்தச் சுவருக்குச் சற்று முன்னால், 5 மடங்கில் நிறுத்துங்கள். 80 ஐ 5 ஆல் வகுத்தால் 16 செ.மீ.; கவட்டைக் கட்டுக்கு 2, தோல் கட்டுக்கு 1 சேர்த்து 19 செ.மீ. வெட்ட வேண்டும்.

நீளம் குறைந்துபோனால் கடைசி 5 செ.மீ. இழுவை திடீரென்று கல்லாகும், சில எறிகளிலேயே தோல் கட்டருகே கிழியும். கூடிப்போனால் இழுப்பு கடைசிவரை மென்மையாகவே இருக்கும், குண்டு குறிக்குக் கீழே விழும். இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதும் வேகத்தைத் தின்னும். இழுக்கும்போது ரப்பர் சூடாகிறது. அந்தச் சூடு ஆறும் வரை நின்றால் திரும்பி வரும் சக்தி குறைந்துவிடும். இரண்டு மூன்று விநாடிக்குள் விடுங்கள்.

வேகத்தை அளக்கக் கருவி வாங்கத் தேவையில்லை. 10 மீட்டர் தூரத்தில் தகரத் தட்டு தொங்கவிட்டு, சரியாக நடுவில், ஆனால் குண்டின் பாதையிலிருந்து நன்றாக விலக்கி, கைபேசியை வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். ரப்பர் அடிக்கும் ஒலியும் தட்டில் படும் ஒலியும் ஒரே தூரம் வருவதால் ஒலி வரும் நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை. அலைவடிவத்தில் இரண்டு முனைகளுக்கும் இடையே 0.17 விநாடி என்றால், 10 ÷ 0.17, ஏறத்தாழ விநாடிக்கு 59 மீட்டர்.

குறிப்பெட்டி: மரப்பலகையா, தொங்கும் துணியா?

60 மீட்டர் வேகத்தில் 3.5 கிராம் குண்டு சுமக்கும் சக்தி சுமார் 6.3 ஜூல். அதைத் தடுப்பது பெரிய வேலை இல்லை; திருப்பி அனுப்பாமல் தடுப்பதுதான் வேலை. பலகை, செங்கல் சுவர், தென்னை மரம் எல்லாமே எஃகுக் குண்டைத் திருப்பி அனுப்பும், எந்தத் திசையில் என்று சொல்ல முடியாது. பின்னால் வெளி விட்டுத் தொங்கும் துணி அப்படியில்லை. அது பின்வாங்கிக்கொண்டே சக்தியைக் குடித்துவிடும், குண்டு பொத்தென்று கீழே விழும்.

அகலம், உயரம் 50 செ.மீ., ஆழம் 40 செ.மீ. உள்ள அட்டைப்பெட்டியைக் குப்புறச் சாய்க்காமல் வாய் முன்பக்கம் பார்க்க வையுங்கள். உள்ளே மேலிருந்து, பின்சுவருக்கு 15 செ.மீ. முன்னால், ஒரு கம்பைக் குறுக்கே செருகி, பழைய தடித்த துவாலையை இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள். துணியின் கீழ்விளிம்பை எங்கும் கட்டக் கூடாது. இறுக்கிக் கட்டிய துணி ஓட்டையாகும், அல்லது வலைபோல் குண்டைத் திருப்பி எறியும். பெட்டியின் வாயில் கீழே 8 செ.மீ. அட்டைத் தடுப்பு வைத்தால் விழுந்த குண்டுகள் வெளியே உருளாது. குறிக்கு ஒரு தகர மூடியைக் கயிற்றில், முகம் லேசாகத் தரையைப் பார்க்கும்படி தொங்கவிட்டால் பட்ட குண்டு கீழ்நோக்கித் திரும்பும்.

பெட்டியைத் தவறவிடும் எறிகளுக்காகத்தான் பின்திரை. 10 மீட்டரில் கை 5 பாகை பிசகினால் குண்டு 87 செ.மீ. விலகிப் போகும். நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர், அதாவது 2 × 2 மீட்டர் கம்பளியோ தடித்த போர்வையோ தளர்வாகத் தொங்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் 5 மீட்டரிலிருந்து எறியட்டும். அதே திரை அங்கே 11 பாகைப் பிசகைத் தாங்கும். திரைக்குப் பின்னால் மதில் இருக்க வேண்டும், வேலியோ பக்கத்து வீட்டு ஜன்னலோ இருக்கக் கூடாது. மேல்நோக்கித் தவறிய எஃகுக் குண்டு நூறு மீட்டரைத் தாண்டிப் போகும்.

கண்ணாடி கோலிக்குண்டு வேண்டாம். தட்டில் பட்டுச் சில்லாகும். கொல்லை சின்னதாக இருந்தால் 12 மி.மீ. களிமண் உருண்டை உருட்டி நிழலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். பட்டவுடன் பொடியாகிவிடும், திரும்பி வருவதற்கு முழு உருண்டை இருக்காது.

பாலிகார்பனேட் கண்காப்பு எறிபவருக்கு மட்டுமல்ல, பார்ப்பவருக்கும் வேண்டும். பார்ப்பவர் எறிபவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். தோலில் குண்டு நடுவில் இல்லாவிட்டால் அது கவட்டையில் பட்டு நேராக முகத்துக்கே வரும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பட்டையைக் கொஞ்சம் இழுத்து, கட்டுகளின் ஓரத்தைப் பாருங்கள். தோல் பக்கம் கிழிசல் தெரிந்தால் அது வழக்கமான தேய்மானம், மாற்றிக் கட்டுங்கள். கவட்டைப் பக்கம் தெரிந்தால் அன்றைக்கு ஒரு எறிகூட வேண்டாம்: அங்கே அறுந்த பட்டை முழு நீளத்தோடு கண்ணை நோக்கி வரும். கவட்டையின் விளிம்பு கூராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்த பிறகே புதுப் பட்டை கட்ட வேண்டும். துவாலையில் நடுப்பகுதி மெலிந்து வெளிச்சம் தெரிந்தால் கம்பில் அதைக் கொஞ்சம் நகர்த்தி, மெலியாத பகுதியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.