போகிக்கு எரிப்பதா கொடுப்பதா, வாசலுக்கு மாக்கோலமா பொடிக்கோலமா

மார்கழியின் கடைசி நாள் விடியற்காலையில் பழசை எரிப்பது வழக்கம்தான். ஆனால் எதை எரிப்பது என்பதை அன்றைக்குக் காலையில் தீர்மானித்தால், கைக்குக் கிடைத்ததெல்லாம் நெருப்பில் போய்விடும். ஒரு வாரம் முன்பே பரணையும் அலமாரியையும் இறக்கி, தீக்கு, காயலான் கடைக்கு, பிறருக்கு என்று மூன்று குவியலாகப் பிரித்துவிடுங்கள்.

தீக்குப் போகவேண்டிய குவியல்தான் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த தென்னை விளக்குமாறு, உடைந்த மூங்கில் முறம், காய்ந்த ஓலை, இவ்வளவு போதும். இவற்றிலும் பாயின் ஓரத்துணியையும் விளக்குமாற்றைக் கட்டிய பிளாஸ்டிக் கயிற்றையும் அறுத்து எடுத்த பிறகே போட வேண்டும். கோரை போலவே தெரியும் பிளாஸ்டிக் பாய்கள் இப்போது நிறைய வீடுகளில் இருக்கின்றன, ஏமாந்துவிட வேண்டாம். பெயின்ட் அடித்த பலகை, டயர், ஒயர் மூன்றும் நெருப்பின் பக்கமே வரக்கூடாது.

துணியில்தான் குழப்பம் அதிகம். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி நூல் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, கறுப்பாகக் கெட்டி மணியாக நிற்கும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் அது கலப்புத் துணி, அதையும் எரிக்க வேண்டாம். பருத்தி என்று தெரிந்தாலும் எரிப்பதைவிட உடுத்தும் நிலையில் இருப்பதைத் துவைத்து மடித்துக் கொடுப்பதே மேல். நைந்த வேட்டியில் ஒரு முழம் மட்டும் எடுத்து வையுங்கள், கோலத்துக்கு வேண்டும்.

எரிப்பதைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் அந்த நேரத்துக் காற்று. மார்கழி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ளது சற்று வெப்பமாகவும் இருப்பதால், புகை மேலே ஏறாமல் தெருவிலேயே தங்கும். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னையில் விமானங்கள் தாமதமாகி, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

செய்தித்தாள், இரும்பு, பித்தளை, அலுமினியம் காயலான் கடைக்கு. பழைய பேட்டரியும் குழல்விளக்கும் மட்டும் அதில் சேராது, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இனி வாசல். சாம்பல் பறக்கும் என்பதால் தீயை அணைத்து, கூட்டி, கழுவிய பிறகே கோலம். சொரசொரப்பான சிமென்ட் தரைக்கு மாக்கோலம்தான் சரி. ஒரு கப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, விரலில் நெருடாதபடி அரைத்து, மோர் பதத்துக்குக் கரைக்க வேண்டும். எடுத்து வைத்த வேட்டித் துண்டை அதில் நனைத்து உள்ளங்கையில் அடக்கி, மெல்லப் பிழிந்தால் மோதிர விரல் வழியே இழை இறங்கும். போடும்போது மங்கலாகத் தெரிகிறதே என்று மேலும் மேலும் இழுப்பது பலரும் செய்வது. காயக் காயத்தான் வெளுக்கும், கால் மணி நேரம் பொறுங்கள். இழை பரவினால் தண்ணீர் கூடிவிட்டது, காய்ந்து செதிலாகப் பெயர்ந்தால் மாவு கெட்டி. காவி பூசுவது கோலம் நன்றாகக் காய்ந்த பின்தான். ஈரத்தோடு ஈரம் சேர்ந்தால் வெள்ளை இழை சிவந்துவிடும்.

வழவழப்பான டைல்ஸ் போட்ட அடுக்குமாடி வாசலில் மாக்கோலம் பிடிக்காது. காய்ந்ததும் காலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அங்கே பொடிக்கோலமே கைகொடுக்கும், தரையில் லேசான ஈரம் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் மின்விசிறிக் காற்றுக்கே கலையும். வண்ணம் வேண்டுமென்றால் ஒரு பங்கு வண்ணப்பொடிக்கு மூன்று பங்கு கோலமாவு கலந்தால் விரலிடுக்கில் கட்டியாகாமல் சீராக விழும். படி ஓரமாகப் போடுங்கள், டைல்ஸில் பொடியை மிதித்தால் வழுக்கும். ஒட்டுக் கோலம் வேலையை மிச்சப்படுத்தும், ஆனால் உரித்த பின் நிற்கும் பசையில் அழுக்கு ஏறி, மாதக்கணக்கில் அதே வடிவத்தில் கறை தெரியும்.

நிலைப்படிக்குப் பிளாஸ்டிக் தோரணத்தை வருடா வருடம் துடைத்து மாட்டலாம்தான், வெயிலில் சாயம் போனதும் அதுவே அடுத்த போகியின் குப்பை. மூன்றடி நிலைக்கு இருபது மாவிலை போதும். தளிர் அழகாக இருந்தாலும் மாலைக்குள் துவண்டு சுருளும், முற்றிய கரும்பச்சை இலையாகப் பாருங்கள். காம்புப் பக்கத்தைச் சணல் கயிற்றின் மேல் மடித்து, ஈர்க்குத் துண்டால் குத்தினால் கழன்று விழாது. கொங்கு வட்டாரத்தில் போகி மாலை கட்டும் காப்பு இதைவிடப் பளிச்சென்று இருக்கும். வெள்ளைப் பூளைப்பூ, மஞ்சள் ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கூரை இறவாரத்தில் செருகுவார்கள். பூளைப்பூ காய்ந்தாலும் வெண்மை மாறாது, ஆவாரம்பூதான் உதிரும். அதனால் ஆவாரத்தில் பாதி மொட்டாக இருக்கும் கொத்தாகப் பறித்தால் மறுநாள் காலையிலும் மஞ்சள் மிச்சமிருக்கும்.