பெரியவர்களை வைத்துப் பேசியும் தீராத பாக்கி: பொள்ளாச்சியிலிருந்து ஒரு 138 நோட்டீஸ்

"ரிஜிஸ்டர் தபாலே இப்ப இல்லீங்க, ஸ்பீடு போஸ்ட்தான்."

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தபால் நிலையத்தில், செக் திரும்பியதற்காக அனுப்பும் 138 வக்கீல் நோட்டீஸ் கவரை நீட்டியதும் கவுன்ட்டரில் வந்த பதில் இது. பழைய முறை நமக்கெல்லாம் மனப்பாடம். கவர் மேல் ஆர்.பி.ஏ.டி. என்று எழுதி, அக்னாலெட்ஜ்மென்ட் அட்டையைச் சேர்த்து ஒட்டி, ரசீதை மடித்துப் பையில் வைப்போம். ஒரு வாரத்தில் கையெழுத்தோடு அட்டை வந்துவிடும். கோர்ட்டில் அந்த அட்டைக்கு இருந்த மரியாதையே தனி. 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

இணைத்ததில் குறையில்லை. அதற்குள் இருக்கும் ஒரு நுணுக்கத்தைக் கவுன்ட்டரில் யாரும் தாமாகச் சொல்லாததுதான் எரிச்சல். கவரைச் சும்மா கொடுத்தால் அது சாதாரண ஸ்பீடு போஸ்டாகத்தான் போகும். வீட்டில் யார் இருந்தாலும் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்ற கூடுதல் சேவையை வாய் திறந்து கேட்க வேண்டும். அதற்கு 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அப்போதுதான் பெறுநரிடமோ, அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டும் கொடுப்பார்கள். சரியான முகவரி எழுதி, பணம் கட்டிப் பதிவு செய்து அனுப்பிய தபால் போய்ச் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ள, பொது வாசகங்கள் சட்டத்தின் 27வது பிரிவு இடம் தருகிறது. மூன்று லட்ச ரூபாய் வழக்கின் அடித்தளம் இந்த ஐந்து ரூபாயில் நிற்கிறது. இதைக் கவுன்ட்டர் மேல் ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கலாம்.

இனி விவகாரத்துக்கு வருவோம். தோப்புக்குள் வீடு கட்டச் சிங்கப்பூரில் வேலை செய்யும் உறவுக்காரப் பையன் ஒருவன் கான்ட்ராக்டரிடம் அட்வான்ஸ் கொடுத்திருந்தான். பேஸ்மட்டத்தோடு வேலை நின்றுவிட்டது. வழக்கம்போல இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் வைத்துப் பேசி, செய்த வேலைக்குக் கழித்து, மூன்றரை லட்சம் திருப்பித் தருவதென்று முடிவானது. ஜனவரி 5 தேதியிட்டு ஒரு செக் வந்தது. அதன் பிறகு, "ஏனுங்க மாமா, சொந்தபந்தத்துக்குள்ள இப்பவே பேங்குல போடோணுமா? ஒரு பத்து நாள் பொறுங்க" என்று நாட்கள் போயின. கடிதம் எழுதினார்கள். வாட்ஸாப்பில் கேட்டார்கள். பதிலெல்லாம் மரியாதையாகத்தான் வந்தது. பணம் வரவில்லை.

சிங்கப்பூரில் இந்தத் தொகைக்கு வக்கீலே தேவையில்லை. 20,000 டாலர் வரையிலான இப்படிப்பட்ட தகராறுகளுக்குச் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. விண்ணப்பம் இணையத்திலேயே போகும், வக்கீல் வைத்து வாதாடவும் முடியாது. அதை மனதில் வைத்துக்கொண்டு இங்கே கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதுதான் நம்மவர்கள் செய்கிற தவறு. செக் திரும்பிய பிறகு கடிதத்தின் வேலை முடிந்துவிடுகிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881இன் 138வது பிரிவு எழுத்தில் நோட்டீஸ் கேட்கிறது. அதற்குத் தேதிக் கணக்கு உண்டு, என்ன கேட்க வேண்டும் என்ற வரையறையும் உண்டு. வக்கீல்தான் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. ஆனால் "தம்பி, சீக்கிரம் பாத்துக் குடு" என்று எழுதுவது நோட்டீஸ் ஆகாது. அதைவிடச் சிக்கலானது, பாதி நோட்டீஸ் மாதிரி எழுதிய கடிதம். செக் திரும்பிய பிறகு அந்தத் தொகையைக் குறிப்பிட்டு, இத்தனை நாளில் கட்டு என்று நாமே எழுதி அனுப்பியிருந்தால் அதுவே நோட்டீஸாகிவிடலாம். அது அவருக்குக் கிடைத்த நாளிலிருந்தே கெடு ஓடும். பின்னால் வக்கீல் அனுப்புவது வெறும் நினைவூட்டலாக நின்றுவிடும்.

இந்த வழக்கில் தொகையில் ஒரு கண்ணி இருந்தது. ஜனவரி 20 அன்று கான்ட்ராக்டர் ஜிபேயில் ஐம்பதாயிரம் அனுப்பிவிட்டு, "மீதிக்கு அந்தச் செக்கையே போட்டுக்குங்க" என்றார். கேட்கும்போது நல்ல மனசாகத்தான் தெரியும். ஆனால் செக்கில் மூன்றரை லட்சம், நிஜப் பாக்கி மூன்று லட்சம். செக்கைக் கொடுத்த பிறகு ஒரு பகுதி கட்டப்பட்டிருந்து, அதைச் செக்கிலேயே குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டால், அது திரும்பினாலும் 138 குற்றம் ஆகாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வந்த பணத்தைச் செக் மேலேயே எழுதி மீதிக்கு மட்டும் போடலாம் என்று 56வது பிரிவு சொல்கிறது. ஆனால் மேலே எழுதிய செக்கை இன்றைய கிளியரிங்கில் எடுக்க வங்கிகள் தயங்குகின்றன. அந்தச் செக்கைத் திருப்பிக் கொடுத்து, சரியாக மூன்று லட்சத்துக்குப் புதுச் செக் வாங்குவதே தெளிவு. பிப்ரவரி 16 தேதியிட்டு அப்படி ஒன்று வாங்கினார்கள். தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செக்குக்கு உயிர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய ஆறு மாதக் கணக்கை இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

நோட்டீஸிலும் இதே தொகைதான் வர வேண்டும். 'ரூ. 3,00,000' என்ற இடத்தில் ஒரு சுழி கூடினாலும் குறைந்தாலும் நோட்டீஸ் செல்லாது. தட்டச்சுப் பிழை என்று பின்னால் சொல்லிப் பயனில்லை என்று 2025 செப்டம்பரிலும் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. வட்டி, வக்கீல் செலவு கேட்கலாம், ஆனால் தனிப் பத்தியில். செக் தொகை இவ்வளவு என்பது தனித்துத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டுக் கெடுத்த நோட்டீஸ்கள் ஏராளம். வக்கீல் ஆபீஸில் வரைவைக் காட்டும்போது நாம் பார்க்க வேண்டியவை மூன்று: செக் எண், தேதி, தொகை. செக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். கான்ட்ராக்டர் கம்பெனி பெயரில் செக் கொடுத்திருந்தால் நோட்டீஸ் அந்தக் கம்பெனி பெயருக்கும், கையெழுத்துப் போட்டவருக்கும் போக வேண்டும். ஆளுக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் கம்பெனியை விட்டால் வழக்கு நிற்காமல் போகலாம்.

இப்போது நாள் கணக்கு. செக் பிப்ரவரி 18 அன்று 'போதிய பணம் இல்லை' என்று திரும்பியது. பையனின் கைபேசிக்கு அன்றே குறுஞ்செய்தி வந்தது. திரும்பிய செக்கும் வங்கி மெமோவும் ஊர் வீட்டுக்கு 20ஆம் தேதி வந்தன. தகவல் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எது தகவல் கிடைத்த நாள் என்று பின்னால் வாதம் செய்வதைவிட, முந்திய தேதியிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. 18ஐ விட்டுவிட்டு எண்ணினால் மார்ச் 20 முப்பதாவது நாள். இந்த 30 நாள் தவறினால் மன்னிப்புக் கிடையாது. புகார் வைக்கப் பின்னால் வரும் ஒரு மாதக் கெடு தவறினால் காரணம் சொல்லிக் கோர்ட்டைக் கேட்க வழி உண்டு, இதற்கு இல்லை. செக்குக்கு உயிர் இருந்தால் மறுபடி போட்டு, மறுபடி திரும்பினால் புதிதாக 30 நாள் எண்ணலாம். தப்பிக்க இருக்கிற வழி அது ஒன்றுதான். வெளிநாட்டு எண்ணுக்கு வங்கிச் செய்தி வராமல், மெமோ ஊர் வீட்டு அலமாரியில் கிடந்து கெட்ட வழக்குகள் பல.

நோட்டீஸ் பிப்ரவரி 27 அன்று புறப்பட்டது. மார்ச் 3 அன்று கோயம்புத்தூரில் கான்ட்ராக்டர் வாங்கிக்கொண்டார். அதிலிருந்து 15 நாள் அவருக்கு, அதாவது மார்ச் 18 முடிய. அதற்குள் புகார் தாக்கல் செய்தால் அந்தப் புகாரே செல்லாது. அவசரக்காரர்கள் இதில்தான் விழுகிறார்கள். 19ஆம் தேதி வழக்குக்கான காரணம் பிறக்கிறது. ஏப்ரல் 19க்குள் புகாரை வைக்க வேண்டும். நோட்டீஸை வாங்க மறுத்தால், 'மறுத்தார்' என்ற குறிப்போடு திரும்பும் கவரைப் பிரிக்காமல் அப்படியே வக்கீலிடம் கொடுக்க வேண்டும். சரியான முகவரிக்குப் போயிருந்தால் அது கிடைத்ததாகத்தான் கணக்கு.

எந்தக் கோர்ட் என்பதில் இந்தப் பையனுக்கு ஒரு அதிர்ச்சி. தோப்பு பொள்ளாச்சியில், கான்ட்ராக்டர் கோயம்புத்தூரில், செக்கைப் போட்டதும் பொள்ளாச்சிக் கிளையில். ஆனால் அவன் கணக்கு, படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போனபோது பெங்களூரில் திறந்தது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, செக்கைக் கணக்கில் போட்டு வாங்குபவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக் கோர்ட்டில்தான் வழக்கு. செக்கை எந்தக் கிளையில் கொடுத்தோம் என்பது பொருட்டில்லை. ஊர் விவகாரத்துக்காகச் செக் வாங்கப்போகிறவர்கள், வாங்குவதற்கு முன்பே கணக்கை ஊர்க் கிளைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

சிங்கப்பூரிலிருந்து வழக்கு நடத்தப் பவர் கொடுக்கலாம். அங்குள்ள இந்தியத் தூதரகமான ஹை கமிஷனில் கையெழுத்திட்டுச் சான்று வாங்கி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். பவர் வாங்குகிறவர் கொடுக்கல் வாங்கலை நேரில் அறிந்தவராக இருக்க வேண்டும், அப்போதுதான் அவர் சாட்சி எடுபடும். பேச்சில் உட்கார்ந்த சித்தப்பாவுக்குக் கொடுக்கலாம். சும்மா கையெழுத்துப் போட ஓர் ஆள் போதும் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துப் பயனில்லை.

இந்த வழக்கு கோர்ட் வரை போகவில்லை. மார்ச் 16 அன்று மூன்று லட்சம் டி.டி.யாக வந்தது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே என்ற வரியைப் படித்ததும் பத்து நாள் தவணைகள் நின்றன. வட்டியும் வக்கீல் பீஸும் அதில் இல்லை. செக் தொகை கெடுவுக்குள் வந்துவிட்டால் அவற்றுக்கு 138இல் வழி கிடையாது. தனியாகச் சிவில் வழக்குப் போட்டால் அந்தத் தொகைக்கு மேல் செலவாகும் என்பதால் விட்டுவிட்டார்கள். டி.டி. கணக்கில் வரவாகிவிட்டது என்று வங்கி சொன்ன பிறகுதான் திரும்பிய செக்கின் ஒரிஜினலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கான்ட்ராக்டரிடம் கையெழுத்து வாங்கினார்கள்.