பட்டுக்கு ஒரு பேச்சு, 499 ரூபாய் சேலைக்கு ஒரு பேச்சு

காஞ்சிபுரம் பட்டுக்கும் தினசரி கட்டும் சிந்தெடிக் சேலைக்கும் விளம்பரம் எழுத உட்கார்ந்தால், முதலில் மாறுவது குரல். பட்டுக்கு நான் எழுதுவது இவ்வளவுதான்: "கோர்வைக் கரை. ஒரு தறி, இரண்டு பேர், மூன்று நாடா." விலை வராது, ஆச்சரியக்குறி வராது. 'அழகான', 'தரமான' போன்ற அடைமொழிகளையும் வெட்டிவிடுவேன். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் கோத்து நெய்யப்படுவதைச் சொன்னாலே போதும். படத்தில் முந்தானையின் ஒரு மடிப்பு, பக்கவாட்டு வெளிச்சம், சுற்றிலும் வெற்றிடம்.

சிந்தெடிக் சேலைக்கு அந்த மௌனம் ஆகாது. "₹499 மட்டுமே! இஸ்திரி வேண்டாம். காலையில் துவைத்தால் மாலையில் கட்டலாம்." வாங்குபவர் கடையில் கேட்கும் கேள்விக்கே பதில். படத்தில் பத்து நிறமும் அடுக்கி, விலை பெரிதாக.

இரண்டையும் குழப்பினால் சரிவராது. சிந்தெடிக்குக்கு "ராஜகம்பீரம்" என்றால் சிரிப்பார்கள். பட்டுக்குப் "பாதி விலை" என்றால், நேற்றைய விலை பொய்யா என்று கேட்பார்கள். அப்புறம், விலை குறைந்த சேலைக்கு 'மலிவு' என்று மட்டும் எழுதவே மாட்டேன். 'கட்டுப்படியாகும் விலை' என்பேன்.