ஸ்டீம் டெக்: முதலில் ஃப்ரேம், பிறகு வாட்

என்னிடம் இருப்பது எல்.சி.டி திரை கொண்ட ஸ்டீம் டெக், கையில் பிடித்து ஆடும் கேம் கருவி. வளைகுடாவில் இருந்து மச்சான் கொண்டுவந்தது. குழித்துறையில் ஏறி திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகும் எனக்கு, காலையும் மாலையும் சேர்த்து ஒரே சார்ஜ் போதுமானதாக இருக்க வேண்டும். பாசஞ்சர் வண்டியில் பிளக்கை நம்ப முடியாது.

பேட்டரி 40 வாட்-ஹவர். நான் ஆடும் பெரிய ஓப்பன் வேர்ல்ட் கேமை எதையும் மாற்றாமல் ஓட்டினால், திரை ஓரத்தில் BATT என்ற இடத்தில் 22 வாட் அளவில் காட்டும். 40ஐ 22ஆல் வகுத்துப் பாருங்கள், இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

பலரும் எடுத்தவுடனே TDP Limit-ஐக் குறைக்கிறார்கள். அது சிப் எடுக்கும் வாட்டுக்கு மேல்வரம்பு போடுவது மட்டும்தான். கேம் நொடிக்கு 60 ஃப்ரேமுக்கு முட்டிக்கொண்டே இருந்தால் வேலைப்பளு குறையாது, படம்தான் திக்கும். அதனால் முதலில் வேலையைக் குறைக்க வேண்டும். மூன்று புள்ளி பட்டனை அழுத்தி, Performance பக்கத்தில் Use per-game profile-ஐ ஆன் செய்து, ஃப்ரேம் வரம்பை 40க்கு வையுங்கள். திரையும் 40 ஹெர்ட்ஸில் ஓட வேண்டும், அது முக்கியம். 30இல் ஒரு ஃப்ரேமுக்கு 33.3 மில்லிசெகண்ட், 60இல் 16.7. 40இல் 25, அதாவது சரியாக நடுவில். எண்ணில் 30க்குப் பக்கம்போலத் தெரிந்தாலும் கண்ணுக்கு அப்படி இல்லை. ஓ.எல்.இ.டி மாடல் வைத்திருப்பவர்கள் 45 வைத்துப் பார்க்கலாம்.

அப்புறம்தான் TDP. BATT காட்டும் அதே ஓவர்லேயில், ஒவ்வொரு ஃப்ரேமும் எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஃப்ரேம்-டைம் கோடு தெரியும்படி வைத்துவிட்டு, கேமிலேயே கூட்டம் அதிகமான சந்தைத் தெருவில் போய் நின்றேன். 15இல் இருந்து ஒவ்வொரு வாட்டாக இறக்கினேன். 9 வரை கோடு நேராகவே இருந்தது. 8இல் முள் முள்ளாக எழும்பியது. FPS எண் அப்போதும் 39, 40 என்றே காட்டியது, அது சராசரி என்பதால் அதை நம்பக் கூடாது. சிபியுவும் ஜிபியுவும் அந்த ஒரே வரம்பைப் பங்கு போடுவதால், கூட்டத்தில் சிபியு பசி எடுக்கும்போது ஜிபியுவுக்கு மிச்சம் கிடைப்பதில்லை. ஒரு படி மேலே ஏற்றி 9இல் நிறுத்தினேன். ஆளில்லாத வயல்வெளியில் நின்று பார்த்திருந்தால் 7கூடப் போதும் என்று தோன்றியிருக்கும்.

இப்போது BATT 13 வாட் சுற்றி நிற்கிறது, மூன்று மணி நேரம் வருகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கு மின்சாரம் அதைவிட அதிகமாகக் குறைந்தது ஏன்? கிளாக் ஏறும்போது வோல்டேஜும் சேர்ந்து ஏறும், கடைசிச் சில ஃப்ரேம்களுக்குத்தான் விலை அதிகம்.

இதற்கும் எல்லை உண்டு. திரை, எஸ்.எஸ்.டி, வைஃபை எல்லாம் சேர்ந்து எப்படியும் நாலைந்து வாட் எடுத்துக்கொள்ளும், அதை TDP தொடாது. சின்ன 2டி கேமில் 4இல் இருந்து 3க்கு இறக்குவதைவிட வெளிச்சத்தைக் குறைப்பது அதிகப் பலன் தருகிறது. ஃப்ரேம் வரம்பு போட்டால் பட்டன் அழுத்தத்துக்குச் சற்றே தாமதம் வரும்; சண்டை கேம்களுக்கு மட்டும் நான் அதை வைப்பதில்லை.